ஓடாத குதிரைக்கு ஒரு பிடித்தம்

என் சித்தப்பா மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள், நம் ஊரில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அவனிடமிருந்து போன் வந்தது. எடுத்தவுடன், "அண்ணா, பத்து பவுண்ட் கட்டினேன். குதிரை ஜெயிச்சிடுச்சு. அறுபது வரணும். நாற்பத்தஞ்சுதான் கொடுக்கிறாங்க. இது ஏமாத்து வேலைதானே?" என்றான்.

அவன் சூதாடி அல்ல. அலுவலக நண்பர் ஒருவருடன் மதியச் சாப்பாட்டுக்குப் போனவன், பக்கத்திலிருந்த பந்தயக் கடையில் அவரோடு சேர்ந்து ஒரு சீட்டு எழுதியிருக்கிறான். மாலைப் பந்தயத்தில் எட்டுக் குதிரைகள். அவன் தேர்ந்தெடுத்த குதிரைக்கு விலை 5/1. அதாவது 1 பவுண்ட் கட்டி ஜெயித்தால் 5 பவுண்ட் லாபம், கட்டிய 1 பவுண்டும் திரும்பும். அவன் கட்டியது 10. லாபம் 50, முதல் 10, மொத்தம் 60. அவன் போட்ட கணக்கில் தவறே இல்லை.

ஆனால் பந்தயம் தொடங்கும் நேரத்தில் ஒன்று நடந்தது. எல்லோரும் ஜெயிக்கும் என்று நினைத்த குதிரை, ஃபேவரிட், கேட்டுக்குள் நுழைய மறுத்தது. ஆட்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள், கண்ணை மறைத்து அழைத்துப் பார்த்தார்கள். அது அசையவில்லை. பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் அதை விலக்கிவிட்டார். மற்ற ஏழும் ஓடின. என் தம்பியின் குதிரை முதலில் வந்தது. கடைத் திரையில் முடிவுக்குக் கீழே ஒரு வரி இருந்ததாம்: 'ரூல் ஃபோர், பவுண்டுக்கு 30 பென்ஸ் பிடித்தம்.' அவன் 50 பவுண்ட் லாபத்தில் 15 போய்விட்டது.

பிரிட்டனில் குதிரைப் பந்தயம் பார்ப்பவர்களுக்கு இந்த 'ரூல் ஃபோர்' பழகிய பெயர். புதிதாக வருபவர்களுக்கு அது திருட்டு போலத் தெரியும். தன் குதிரை ஓடியது, ஜெயித்தது, சீட்டில் விலையும் எழுதிக் கொடுத்தார்கள். வேறு யாருடைய குதிரையோ ஓடாததற்குத் தன் பணத்தில் ஏன் கை வைக்க வேண்டும்? என் தம்பியின் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் இருக்கிறது.

இந்த விதியின் பிறப்பிடம் டாட்டர்சால்ஸ். ரிச்சர்ட் டாட்டர்சால் என்பவர் 1766-இல் லண்டன் ஹைட் பார்க் மூலைக்கு அருகே தொடங்கிய குதிரை ஏலக்கூடம் அது. குதிரை வாங்க வந்த பிரபுக்களும் பணக்காரர்களும் அங்கேயே உட்கார்ந்து பந்தயம் கட்டினார்கள். தகராறு வராமல் இருக்குமா? 1845-இல் வந்த சட்டமோ, பந்தயக் கடனை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. நீதிபதி கைவிட்ட விஷயத்தைத் தீர்க்க டாட்டர்சால்ஸ் கமிட்டி என்ற குழு நின்றது. அது வகுத்த பந்தய விதிகளில் நான்காவதுதான் ரூல் ஃபோர். 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு பந்தயக் கடனுக்கும் நீதிமன்றம் போகலாம் என்றாகிவிட்டது. ஆனால் அந்தப் பழைய விதி பெயர் மாறாமல் எல்லாப் பந்தயக் கடைகளின் நிபந்தனைகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. பிரிட்டிஷ் பந்தயங்களுக்குச் சீட்டு எழுதும் 'புக்கி' கடைகள் இலங்கையிலும் உண்டு. அதனால் தமிழ் வாசகர்களில் சிலருக்கு இந்தப் பெயர் ஏற்கெனவே காதில் விழுந்திருக்கக்கூடும்.

விதியைப் புரிந்துகொள்ள விலை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 5/1 என்பது ஒரு குதிரையின் தகுதிச் சான்றிதழ் அல்ல. அந்தப் பந்தயத்தில், அந்த எதிரிகளுக்கு நடுவில் அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்ற மதிப்பீடு. ஐந்தையும் ஒன்றையும் கூட்டினால் ஆறு. ஆறில் ஒன்று, அதாவது சுமார் 17 சதவீத வாய்ப்பு என்று அந்த விலை சொல்கிறது. விலகிப்போன ஃபேவரிட்டின் விலை 15/8. பதினைந்தும் எட்டும் 23. இருபத்து மூன்றில் எட்டு, கிட்டத்தட்ட 35 சதவீதம். அந்தக் குதிரை ஜெயிக்க மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வாய்ப்பு இருந்தது. அது போனதும் அந்த வாய்ப்பு காற்றில் கரைந்துவிடாது. மற்ற ஏழு குதிரைகளுக்கும் பங்கு பிரிந்து போகும். என் தம்பியின் குதிரை மதியம் ஓட இருந்த பந்தயமும் மாலையில் ஓடிய பந்தயமும் ஒன்றல்ல. மாலையில் ஓடியது எளிதான பந்தயம். அவன் வாங்கிய விலையோ கடினமான பந்தயத்துக்கு உரியது.

பணத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஐந்து குதிரைகள் ஓடும் ஒரு சின்னப் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு புக்மேக்கர் 2/1 விலையில் ஒரு குதிரைக்கு 400 பவுண்டும், 3/1 குதிரைக்கு 300-உம், 4/1 குதிரைக்கு 240-உம், 5/1 குதிரைக்கு 200-உம், 11/1 குதிரைக்கு 100-உம் வாங்கியிருக்கிறார். கையில் மொத்தம் 1,240 பவுண்ட். எந்தக் குதிரை ஜெயித்தாலும் முதலும் லாபமுமாக அவர் கொடுக்க வேண்டியது 1,200. மிச்சம் 40 அவருக்கு. இங்கே பந்தயக்காரர்களின் பணம்தான் பந்தயக்காரர்களுக்குப் போகிறது. தோற்றவர்களின் பணம் ஜெயித்தவர்களின் கைக்கு மாறுகிறது, நடுவில் நிற்பவர் ஒரு கூலி எடுத்துக்கொள்கிறார்.

இப்போது 2/1 குதிரை கேட்டருகே நொண்டுகிறது, கால்நடை மருத்துவர் பார்த்து விலக்கிவிடுகிறார். அதன்மேல் கட்டியவர்களுக்கு 400 பவுண்டையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஓடாத குதிரைக்குத் தோல்வி கிடையாது. புக்மேக்கரின் கையில் இருப்பது 840. 3/1 குதிரை ஜெயித்தால் பழைய கணக்கின்படி 1,200 கொடுக்க வேண்டும். ஜெயித்தவருக்குக் கொடுக்க வைத்திருந்த 400 பவுண்ட் ஓடாத குதிரையோடு போய்விட்டது. 360 பவுண்ட் பள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பிடித்தம் வந்தது. 2/1 குதிரை விலகினால் பவுண்டுக்கு 30 பென்ஸ். 3/1 குதிரைக்குக் கட்டியவர்களின் லாபம் 900-இலிருந்து 630 ஆகிறது. முதல் 300-உம் சேர்த்து 930. புக்மேக்கர் அப்போதும் 90 பவுண்ட் தன் கையிலிருந்து போடுகிறார்.

என் தம்பி இதை நம்பவில்லை. "அப்ப கடைக்காரனுக்கு நஷ்டமா?" என்றான். இந்தக் கணக்கில் ஆம். ஆனால் நான் இங்கே புக்மேக்கரின் கூலியை மிகக் குறைவாக வைத்திருக்கிறேன். நிஜத்தில் அது பெரும்பாலும் இதைவிட அதிகம். கூலி கூடுதலாக இருந்தால் அந்த நஷ்டம் மறைந்து சிறு லாபமாக மாறும். இருந்தாலும், எல்லாக் குதிரைகளுக்கும் பணம் சீராக விழுந்திருக்கும்போது பெரிய ஃபேவரிட் விலகினால், பிடித்தத்துக்குப் பிறகும் புக்மேக்கரின் நிலை முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும்.

இதற்குக் காரணம் பிடித்த அட்டவணைக்குள் இருக்கிறது. பந்தயக் கடைகளின் நிபந்தனைகளில் அந்த அட்டவணை அப்படியே அச்சாகியிருக்கும். விலகிய குதிரை விலகும் நேரத்தில் என்ன விலையில் இருந்தது என்பதைப் பார்த்து, அதற்கு நேரே எழுதிய பென்ஸைப் பிடிப்பார்கள். 4/1 என்றால் 20 பென்ஸ். 15/8 முதல் 9/4 வரை 30. சமவிலை, அதாவது ஒன்றுக்கு ஒன்று என்றால் 45. 6/1 முதல் 9/1 வரை 10. 10/1 முதல் 14/1 வரை 5. அதற்கும் மேலே போனால் பிடித்தமே இல்லை. மறுமுனையில் 1/9 அல்லது அதைவிடக் குறைந்த விலையில் இருந்த குதிரை விலகினால் 90 பென்ஸ். இரண்டு மூன்று குதிரைகள் விலகினால் பிடித்தங்களைக் கூட்டுவார்கள். ஆனால் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது.

இந்த எண்களை ஒவ்வொரு விலையும் காட்டும் வாய்ப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 2/1 விலையின் வாய்ப்பு 33 சதவீதம், பிடித்தம் 30. 9/2 விலையின் வாய்ப்பு 18, பிடித்தம் 15. 6/1 விலையின் வாய்ப்பு 14, பிடித்தம் 10. 4/1 விலைக்கு வாய்ப்பும் 20, பிடித்தமும் 20. ஓரிரு இடங்களைத் தவிர அட்டவணை முழுவதும் இதே முறைதான். விலகிய குதிரையின் வாய்ப்பைக் கீழே உள்ள அடுத்த ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதியிருக்கிறார்கள். கணினி இல்லாத காலத்தில், மழையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும் புக்மேக்கரின் எழுத்தர் மனக்கணக்காகப் போடுவதற்கு ஏற்ற எண்கள். குறைத்து எழுதியதால் கிடைக்கும் சலுகை ஜெயித்தவருக்கு.

இன்னொரு சலுகையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பிடித்தம் லாபத்தில் மட்டும்தான். கட்டிய முதலில் ஒரு பென்ஸ்கூடக் குறையாது.

என் தம்பியின் சீட்டை இந்த இரண்டையும் வைத்துப் பார்ப்போம். 35 சதவீத வாய்ப்புள்ள குதிரை போன பிறகு, அவன் குதிரையின் வாய்ப்பு கணக்குப்படி 17-இலிருந்து 26 சதவீதத்துக்கு அருகே ஏறியிருக்க வேண்டும். அந்த வாய்ப்புக்குச் சரியான விலை 3/1-க்கும் சற்றுக் குறைவு. அப்படிப் பார்த்தால் 10 பவுண்டுக்கு 39 பவுண்ட் திரும்பினால் போதும். அவனுக்கு வந்தது 45. அறுபதை நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு நாற்பத்தைந்து குறைவாகத் தெரிந்தது. ஏழு குதிரைப் பந்தயத்தை ஜெயித்தவனுக்கு அது 6 பவுண்ட் கூடுதல்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சந்தை இருக்கிறது. 2000-இல் தொடங்கிய பெட்ஃபேர் போன்ற எக்ஸ்சேஞ்சுகளில் புக்மேக்கர் கிடையாது. பந்தயக்காரர்கள் ஒருவருக்கொருவர் விலை கொடுத்துக்கொள்கிறார்கள். அங்கேயும் குதிரை விலகினால் குறைப்பு உண்டு. ஒவ்வொரு குதிரைக்கும் எத்தனை சதவீதம் குறையும் என்பதை முன்கூட்டியே திரையில் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே லாபத்தில் அல்ல, முதலும் சேர்ந்த மொத்த விலையில் குறைக்கிறார்கள். 30 சதவீதக் குறைப்பு என்றால் 60 பவுண்ட் 42 ஆகும். எதிரே விலை கொடுத்தவரும் ஒரு சாதாரண மனிதர்தான், அவருக்கும் நியாயம் கிடைக்க வேண்டும். அதனால் அந்தக் கணக்கில் சலுகைக்கு இடமில்லை.

விலை வாங்காமல் சீட்டு எழுதுபவர்களும் உண்டு. பந்தயம் தொடங்கும் நொடியில் என்ன விலையோ அதையே கொடுங்கள் என்பார்கள். இதற்குத் தொடக்க விலை என்று பெயர். ஃபேவரிட் ஒரு மணி நேரத்துக்கு முன்பே விலகியிருந்தால், புக்மேக்கர்கள் பழைய விலைகளை அழித்துவிட்டு ஏழு குதிரைகளுக்கும் புதிய விலை எழுதியிருப்பார்கள். என் தம்பியின் குதிரை 11/4-க்கு இறங்கியிருக்கலாம். தொடக்க விலைக்குக் கட்டியவருக்குப் பிடித்தம் கிடையாது. அந்தப் புதிய விலையில் 10 பவுண்டுக்கு 37 பவுண்ட் 50 பென்ஸ் வரும். புதிய விலையைப் பார்த்து அதன் பிறகு கட்டியவர்களுக்கும் பிடித்தம் இல்லை, ஏனென்றால் அவர்கள் வாங்கிய விலையிலேயே விலகல் அடங்கியிருக்கிறது. காலையில் விலை வாங்கியவர்களுக்கு மட்டும் பிடித்தம்.

ஆனால் அன்று குதிரை முரண்டு பிடித்தது கேட்டருகே. புதிய விலை எழுத நேரம் இல்லை. அப்படிப்பட்ட சமயத்தில் தொடக்க விலைக்குக் கட்டியவர்களுக்கும் ரூல் ஃபோர் பொருந்தும். தம்பியின் குதிரைக்குத் தொடக்க விலை 9/2. அந்த விலைக்கு 10 பவுண்ட் கட்டியவருக்கு லாபம் 45, அதில் 30 சதவீதம் போய் 31 பவுண்ட் 50 பென்ஸ், முதலும் சேர்த்து 41 பவுண்ட் 50 பென்ஸ். 'நான் விலையே வாங்கவில்லையே, எனக்கு எதற்குப் பிடித்தம்?' என்று பந்தயக் கடைகளில் எழும் சண்டைகளுக்கு வேர் இங்கேதான். கேட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடத்தில் நடப்பதும் ஒரு மணி நேரத்துக்கு முன் நடப்பதும் வெவ்வேறு கணக்குகள்.

எப்போது ஒரு குதிரை ஓடாத குதிரை ஆகிறது என்பதும் முக்கியம். ஸ்டார்ட்டரின் ஆணைக்குக் கீழ் வருவதற்கு முன் விலகினால்தான் அது ஓடாத குதிரை. கட்டிய பணம் திரும்பும், மற்றவர்களுக்குப் பிடித்தம். ஆணைக்குக் கீழ் வந்துவிட்ட பிறகு ஒரு குதிரை அடம்பிடித்து ஓடாமல் நின்றால் அது தோற்ற குதிரைதான். அதன்மேல் கட்டியவரின் பணம் போய்விடும், யாருக்கும் பிடித்தம் கிடையாது. தடை தாண்டும் பந்தயங்களில் கேட் இருக்காது, கயிற்றுக்கு முன்னால் குதிரைகள் வரிசையாக நிற்கும். கயிறு விடுபட்டதும் எல்லாம் பாயும்போது ஒன்று மட்டும் பின்னால் திரும்பி நின்றால், அதன்மேல் பணம் கட்டியவரின் முகத்தைப் பார்க்க முடியாது.

வாரக்கணக்கில் முன்னதாகவே பெரிய பந்தயங்களுக்குக் கட்டுபவர்களுக்கு ரூல் ஃபோர் கிடையாது. கட்டிய குதிரை ஓடாவிட்டால் பணம் போச்சு. எதிரி ஓடாவிட்டால் முழு விலை கைக்கு வரும். 2015 ஜூலை 25 அன்று ஆஸ்காட்டில் நடந்த கிங் ஜார்ஜ் பந்தயத்தை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு டெர்பியை ஜெயித்த கோல்டன் ஹார்ன் அதில் ஓட இருந்தது. அதுதான் ஃபேவரிட். மழையால் தரை இளகிவிட்டதால், பந்தயத்தன்று காலை அதன் பயிற்சியாளர் ஜான் காஸ்டன் அதை விலக்கிக்கொண்டார். போஸ்ட்போன்ட் என்ற குதிரை, ஈகிள் டாப்பை ஒரு மூக்களவில் முந்தி ஜெயித்தது. பல நாள்களுக்கு முன்பே போஸ்ட்போன்டுக்குக் கட்டியிருந்தவருக்குப் பிடித்தம் இல்லை. ஓடப்போகும் குதிரைகளின் இறுதிப் பட்டியல் வந்த பிறகு விலை வாங்கியவருக்குப் பிடித்தம். அன்று காலை கோல்டன் ஹார்ன் விலகிய பிறகு புதிய விலையில் கட்டியவருக்குப் பிடித்தம் இல்லை. ஒரே குதிரை, ஒரே வெற்றி, மூன்று விதமான கணக்கு. விலை வாங்கிய நேரம்தான் வித்தியாசம்.

இவ்வளவும் விதிக்கு ஆதரவாகச் சொன்னேன். விதியில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதல் குறை, விதி பார்ப்பது விலையை, பணத்தை அல்ல. என் ஐந்து குதிரைக் கணக்கில் எல்லாக் குதிரைகளுக்கும் பணம் சீராக விழுந்தது. நிஜத்தில் அப்படி விழாது. யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு குதிரை 12/1-இல் நிற்கிறது. அதன்மேல் ஒரு கடையில் மொத்தமே 20 பவுண்ட் கட்டியிருக்கிறார்கள். அது விலகினால் கடைக்காரர் திருப்பிக் கொடுப்பது 20. ஆனால் ஜெயித்தவர்கள் எல்லோருடைய லாபத்திலும் பவுண்டுக்கு 5 பென்ஸ் எடுத்துக்கொள்கிறார். அங்கே பிடித்தம் பள்ளத்தை நிரப்பவில்லை, மேடு கட்டுகிறது. அதிலும் பெரிய விலைக் குதிரைகளின் நிஜ வாய்ப்பு, விலை காட்டுவதைவிடக் குறைவாக இருப்பது பந்தய உலகம் நெடுநாளாக அறிந்த உண்மை. இந்தக் குறையைச் சில கடைகளே ஒப்புக்கொண்டதுபோல, ஒரே ஒரு குதிரைக்கான 5 பென்ஸ் பிடித்தத்தைக் கைவிட்டிருக்கின்றன. எல்லாக் கடைகளும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாவது, அட்டவணையின் படிகள். விலகும் நேரத்தில் 9/4 என்றால் 30 பென்ஸ், 5/2 என்றால் 25. இரண்டு விலைக்கும் நடுவில் வாய்ப்பில் இரண்டு சதவீதம்தான் வித்தியாசம், பிடித்தத்தில் ஐந்து. என் தம்பியின் 50 பவுண்ட் லாபத்தில் அது இரண்டரை பவுண்ட். அதனால் குதிரை எந்த நிமிடத்தில் விலகியது, அப்போது அதன் விலை என்ன என்பது பதிவாகியிருக்க வேண்டும். பந்தய முடிவோடு பிடித்தத்தையும் வெளியிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் கடையில் எழுதிப்போட்ட எண்ணை அந்த அதிகாரபூர்வ முடிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

மூன்றாவதுதான் என்னை உண்மையாகவே கோபப்படுத்துகிறது. அது அன்று என் தம்பிக்கு அல்ல, அவனை அழைத்துப்போன நண்பருக்கு நடந்தது. அவர் 8/1 விலையில் இன்னொரு குதிரைக்கு 5 பவுண்ட் 'ஈச் வே' கட்டியிருந்தார். பாதிப் பணம் வெற்றிக்கு, பாதி பிளேஸுக்கு, ஆக மொத்தம் 10 பவுண்ட். அந்தக் குதிரை மூன்றாவது வந்தது. சாதாரணப் பந்தயங்களில் எட்டு அல்லது அதற்கு மேல் குதிரைகள் ஓடினால் முதல் மூன்று இடங்களுக்குப் பிளேஸ் பணம் உண்டு, விலையில் ஐந்தில் ஒரு பங்கு. 5 பவுண்டுக்கு 8 பவுண்ட் லாபமும் முதலும் சேர்த்து 13 வந்திருக்க வேண்டும். ஆனால் ஓடியது ஏழு. ஐந்து முதல் ஏழு குதிரைகள் என்றால் இரண்டு இடங்களுக்கு மட்டும்தான் பணம், விலையில் நான்கில் ஒரு பங்கு. மூன்றாம் இடம் இல்லாமலே போய்விட்டது. அவருக்கு ஒரு பென்ஸும் வரவில்லை.

அவர் குதிரை இரண்டாவது வந்திருந்தாலும் பிளேஸ் லாபத்திலும் 30 சதவீதம் பிடித்திருப்பார்கள். நான்கில் ஒரு பங்கு என்றால் 10 பவுண்ட் லாபம், பிடித்தம் போக 7, முதலும் சேர்த்து 12. ஒரே விலகல் அவரை இரண்டு இடங்களில் அடிக்கிறது: பணம் கொடுக்கும் இடம் ஒன்று குறைகிறது, கிடைக்கும் பணத்திலும் பிடித்தம். அவர் சீட்டு எழுதும்போது திரையில் எட்டுக் குதிரைகள், மூன்று இடம் என்றுதான் இருந்தது. எட்டில் ஒன்று விலகினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, சீட்டிலும் இல்லை. விதி கடையின் நிபந்தனைகளில் இருக்கிறது. அந்த நிபந்தனைகளைப் படித்துவிட்டு யார் சீட்டு எழுதுகிறார்கள்? சரியாக எட்டுக் குதிரைகள் ஓடும் பந்தயத்தில் ஈச் வே கட்டுவது, ஒரு காலை வழுக்குப் பாறையில் வைப்பது போல. அனுபவசாலிகள் அந்தப் பந்தயத்தைத் தொடவே மாட்டார்கள்.

டோட்டில் கட்டுபவர்களுக்கு இந்தப் பிடித்தக் கணக்கு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். கிண்டியில் ரேஸ் பார்த்தவர்களுக்கு டோட் தெரிந்திருக்கும். எல்லோருடைய பணமும் ஒரு குவியலாகச் சேர்ந்து, நிர்வாகப் பங்கு போக மிச்சத்தை ஜெயித்த சீட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். குதிரை விலகினால் அதன் பணத்தைக் குவியலிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிரிப்பார்கள். யாருக்கும் முன்கூட்டி விலை எழுதிக் கொடுக்காததால் பின்னால் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஜெயித்தவருக்குக் கிடைக்கும் தொகை குறைவதென்னவோ உண்மைதான். அது யார் கண்ணிலும் படுவதில்லை. ரூல் ஃபோர் வாங்கும் வசவில் பாதி, அது கண்ணுக்குத் தெரிவதால் வருவது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் தம்பி, "அப்ப நாற்பத்தஞ்சு சரிதானா?" என்றான்.

"உனக்குச் சரி. உன் நண்பருக்கு விதிப்படி சரி, ஆனா சீட்டு எழுதும்போதே சொல்லியிருக்கணும்" என்றேன்.

பிரிட்டனில் இருக்கும் வாசகர்கள் யாராவது இப்படி ஒரு சீட்டு எழுதும் நிலை வந்தால், பணம் கட்டும் முன் எத்தனை குதிரைகள் ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண் எட்டாக இருந்தால், ஈச் வே எழுதாதீர்கள்.